கட்டியை விட்டுப் பிரியும் செல்லைப் பின்தொடர எது சரியான வழி: வளர்ப்புத் தட்டா, மரபணு சுவிட்சா, நிறம் மாறும் எலியா?

புற்றுநோய் செல்கள் கட்டியை விட்டுப் பிரிந்து பரவுவதை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள், முதல் சில மாதங்களிலேயே மிகப் பெரிய முடிவொன்றை எடுத்துவிடுகிறார்கள். எந்த உயிரியல் அமைப்பில் வேலை செய்வது என்பதுதான் அந்த முடிவு. பெரும்பாலும் அதை யோசித்து எடுப்பதில்லை. ஆய்வகத்தின் நைட்ரஜன் தொட்டியில் எந்த செல் இருக்கிறதோ அதை எடுத்து வளர்க்கத் தொடங்குகிறார்கள். அதன்பின் அந்த செல்லால் சொல்ல முடிந்த பதில்கள் மட்டுமே கிடைக்கும், கேட்க நினைத்த கேள்வி எதுவாக இருந்தாலும். இந்தக் கட்டுரை அந்த முதல் மாதங்களில் இருப்பவர்களுக்காக.

கேள்வி இதுதான். மார்பகம், நுரையீரல், குடல், கணையம் எனப் பெரும்பாலான உறுப்புகளின் புற்றுநோய், உறுப்பின் பரப்புகளைப் போர்த்தியிருக்கும் எபிதீலிய செல்களில் தொடங்குகிறது. இவை பொதுவாக இடம்பெயராதவை. ஒவ்வொரு செல்லும் அடியில் ஒரு மெல்லிய அடிப்படலத்தின்மீது அமர்ந்து, பக்கத்து செல்லோடு இ-கேட்ஹெரின் என்ற புரதத்தால் பிணைந்திருக்கும். அந்தப் புரதத்தின் வெளிப்பகுதி கால்சியத்தின் துணையோடு பக்கத்து செல்லின் இ-கேட்ஹெரினைப் பிடித்துக்கொள்கிறது. அதன் உட்பகுதி கேட்டினின் புரதங்கள் வழியாக, செல்லின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஓடும் ஆக்டின் இழைகளோடு இணைகிறது. இந்தப் பிணைப்பு இருக்கும்வரை செல் தனியாக எங்கும் போவது கடினம். எபிதீலிய செல் தனித்து நகரக்கூடிய மீசன்கைம் செல்லாக மாறும் எபிதீலிய–மீசன்கைம் மாற்றத்தில், சுருக்கமாக இஎம்டியில், இந்தப் பிணைப்பு குலைகிறது. ஸ்னெய்ல், ட்விஸ்ட், ஸெப்1 போன்ற புரதங்கள் செல்லின் உட்கருவில் பெருகுகின்றன. இவற்றில் ஸ்னெய்லும் ஸெப்1-உம் இ-கேட்ஹெரின் மரபணுவின்மீதே நேரடியாக அமர்ந்து அதை அடக்கிவிடும். ஸ்னெய்லின் இந்த வேலையை 2000-ஆம் ஆண்டில் ஸ்பெயினின் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டின. பிணைப்பு தளர்ந்ததும் ஆக்டின் வளையம் கலைந்து செல்லின் நீளவாக்கில் தடித்த இழைகளாக அடுக்கிக்கொள்கிறது. விமென்டின் என்ற புரதம் கூடுகிறது. செல் நீண்டு, தன்னைச் சுற்றியுள்ள புரத வலையைச் செரிக்கும் என்சைம்களைச் சுரந்து, நகரத் தொடங்குகிறது.

கருவளர்ச்சியில் இது இயல்பாகவே நடக்கும் செயல். நரம்பு முகட்டு செல்கள் இப்படித்தான் தங்கள் இடத்தை விட்டுப் புறப்பட்டு உடலெங்கும் சென்று சேர்கின்றன. புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, கருவில் இருந்த நிரலை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பரவல் என்பது பிரிவதோடு முடிவதில்லை. ரத்தத்தில் உயிர்பிழைக்க வேண்டும், வேறோர் உறுப்பில் இறங்க வேண்டும், அங்கே பெருகிப் புதுக் கட்டியாக வேண்டும். பிரிவதற்கு உதவிய மாற்றம் பெருகுவதற்கும் உதவுமா என்பதில்தான் இந்தத் துறையின் பெரும் சர்ச்சை இருக்கிறது. உங்கள் தேர்வும் அதைப் பொறுத்தே அமைய வேண்டும்.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களுக்கு டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்து மாற்றத்தைத் தூண்டுவது. இரண்டாவது, ட்விஸ்ட் அல்லது ஸ்னெய்ல் மரபணுவை ஒரு மருந்தால் இயக்கவும் நிறுத்தவும் கூடிய சுவிட்சாகச் செல்லில் பொருத்துவது. மூன்றாவது, மாற்றம் நடந்த செல் நிரந்தரமாக நிறம் மாறும்படி மரபணு அமைத்த எலிகளில், தானாகத் தோன்றும் கட்டியைப் பின்தொடர்வது.

முதல் வழியைக் கேவலமாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் துறையே ஒரு தட்டில்தான் பிறந்தது. 1982-இல் ஹார்வர்டில் எலிசபெத் ஹேயும் கேரி கிரீன்பர்க்கும் எபிதீலியத் திசுவை கொலாஜன் கூழுக்குள் தொங்கவிட்டபோது, அதன் செல்கள் வரிசையைக் கலைத்துவிட்டு நீண்டு கூழுக்குள் நகர்ந்ததைக் கண்டார்கள். எபிதீலிய செல் தன் அடையாளத்தை விட முடியும் என்பதே அன்று பலருக்கும் புதிதாக இருந்தது.

இன்று இந்த வேலைக்கு அதிகம் பயன்படும் செல்கள் இரண்டு. ஒன்று எலியின் பால் சுரப்பியிலிருந்து வந்த என்எம்யுஎம்ஜி. மற்றொன்று மனித மார்பகத்திலிருந்து வந்த எம்சிஎஃப்-10ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா போதும். என்எம்யுஎம்ஜியில் ஒரு நாளிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். கூழாங்கல் பாவியதுபோல் நெருங்கிக் கிடந்த செல்கள் நீண்டு, இடைவெளி விட்டு, கதிர்க்கோல் வடிவம் பெறும். ஆக்டினைக் காட்டும் ஃபலாய்டின் சாயமிட்டுப் பார்த்தால் விளிம்பு வளையம் மறைந்து நீளவாக்கில் ஓடும் இழைகள் தெரியும். எம்சிஎஃப்-10ஏ மெதுவானது, அதற்குப் பல நாட்கள் வேண்டும். செலவும் காலமும் குறைவு, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையில்லை. சமிக்ஞை எந்தப் பாதையில் செல்கிறது, எந்த மரபணு முதலில் மாறுகிறது, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் இங்கே ஏமாறுவது மிக எளிது. முதல் ஏமாற்றம் செல்களைத் தட்டிலிருந்து எடுக்கும் விதத்திலேயே தொடங்குகிறது. செல்களைப் பிரிக்க நாம் வழக்கமாகப் பயன்படுத்துவது இடிடிஏ கலந்த டிரிப்சின். இடிடிஏ கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாத கேட்ஹெரினை டிரிப்சின் எளிதில் வெட்டிவிடும். கேட்ஹெரினைக் கண்டறிந்த மசாடோஷி டகெய்ச்சியின் ஆரம்பகாலச் சோதனைகளே இந்தத் தன்மையை வைத்துத்தான் நடந்தன. இதை மறந்துவிட்டு, டிரிப்சினால் எடுத்த செல்களின் பரப்பில் இ-கேட்ஹெரினை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அளந்தால், மாற்றமே நடக்காத செல்லும் இ-கேட்ஹெரினை இழந்ததாகத் தெரியும். எந்த மருந்தும் கொடுக்காத செல்களிலும் அளவு சரிந்திருந்தால் குற்றவாளி டிரிப்சின் என்று வைத்துக்கொள்ளலாம். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு என்றால் பனிக்கட்டியின்மேல் தட்டை வைத்து, கரைக்கும் திரவத்தை ஊற்றி, நேராகச் சுரண்டி எடுப்பதே சரி.

இரண்டாவது ஏமாற்றம் கீறல் சோதனை. செல் படலத்தில் பிப்பெட் முனையால் ஒரு கோடு கீறி, அந்த இடைவெளி எவ்வளவு வேகமாக மூடுகிறது என்று பார்ப்பார்கள். மூடினால் செல்கள் நகர்ந்துவிட்டன என்று எழுதுவார்கள். டிஜிஎஃப்-பீட்டா எபிதீலிய செல்களின் பெருக்கத்தையும் நிறுத்தக்கூடியது. அதனால் டிஜிஎஃப்-பீட்டா கொடுக்காத தட்டில் செல்கள் பெருகியே இடைவெளியை நிரப்பிவிடலாம். அதைக் கொடுத்த தட்டில் செல்கள் உண்மையாகவே நகர்ந்தும் பின்தங்கியதுபோல் தோன்றலாம். பெருக்கத்தை மைட்டோமைசினால் நிறுத்திவிட்டு அளப்பது ஒரு தீர்வு. சில மணி நேரத்துக்குத் தொடர்படம் எடுத்து ஒவ்வொரு செல்லின் தடத்தையும் வரைவது அதைவிட நல்ல தீர்வு. தனியாக நகர்கிறதா, கூட்டமாக நகர்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

இன்னும் சில சிறு விஷயங்கள். டிஜிஎஃப்-பீட்டா பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் புரதம். அல்புமின் கலந்த நீர்த்த அமிலத்தில் கரைத்து வைக்காவிட்டால், குப்பியில் இருப்பதாக நீங்கள் நம்பும் அளவு செல்லுக்குப் போய்ச் சேராது. தட்டு செல்களால் நிறைந்துவிட்டால் மாற்றம் மந்தமாகும், ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அடர்த்தியில் தொடங்க வேண்டும். எம்சிஎஃப்-10ஏ செல்களில் தூண்டுதலுக்கு முன்பே ஓரளவு விமென்டின் இருக்கும். அதை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. ஏற்பியைத் தடுக்கும் எஸ்பி-431542 மருந்தோடு ஒரு தட்டையும் எப்போதும் வைத்திருங்கள். அந்தத் தட்டிலும் செல்கள் நீண்டிருந்தால் காரணம் டிஜிஎஃப்-பீட்டா அல்ல.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் இந்த வழியின் எல்லை மாறுவதில்லை. என்எம்யுஎம்ஜியும் எம்சிஎஃப்-10ஏவும் புற்றுநோய் செல்களே அல்ல. எம்சிஎஃப்-10ஏவை எலியில் செலுத்தினால் கட்டி வராது. பிணைப்பு எப்படிக் குலைகிறது என்று தட்டு சொல்லும். குலைந்த செல் நுரையீரலில் போய் வாழுமா என்று அதைக் கேட்பதில் பொருளில்லை.

இரண்டாவது வழியான சுவிட்சின் பெருமையே அதை அணைக்க முடியும் என்பதுதான். இதன் வலிமையைக் காட்ட ஒரே ஒரு சோதனை போதும். கலிஃபோர்னியாவில் ஜிங் யாங் குழு 2012-இல் வெளியிட்டது அது. இதே ஜிங் யாங்தான் 2004-இல், ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில் இருந்தபோது, எலியின் மார்பகப் புற்று செல்களில் ட்விஸ்ட்டைக் குறைத்தால் நுரையீரல் பரவல் குறைகிறது என்று காட்டியவர். அப்போது எழுந்த கேள்வி இது: ட்விஸ்ட் வேண்டும் சரி, ஆனால் பயணம் முழுவதும் வேண்டுமா?

அந்தக் குழு, டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் மட்டும் தோல் செல்களில் ட்விஸ்ட் இயங்கும்படி எலிகளை உருவாக்கியது. அந்த எலிகளின் தோலில் ரசாயனம் தடவிக் கட்டிகளை வரவைத்தார்கள். பிறகு எலிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டாக்ஸிசைக்ளின் வாய்வழியாகத் தரப்பட்டது. மருந்து உடல் முழுவதும் இருந்ததால், கட்டியை விட்டுப் புறப்பட்ட செல் எங்கே போனாலும் அதில் ட்விஸ்ட் இயங்கிக்கொண்டே இருந்தது. இன்னொரு பிரிவுக்குக் கட்டியின்மேல் மட்டும் மருந்து தடவப்பட்டது. அங்கே ட்விஸ்ட் இயங்கியதால் செல் பிரிந்தது. ஆனால் தொலைவுக்குப் போனதும் மருந்து கிடைக்காமல் ட்விஸ்ட் அணைந்தது. இரண்டு பிரிவிலும் செல்கள் கட்டியை விட்டு ரத்தத்துக்குள் வந்தன. நுரையீரலில் கட்டிகள் பெருகியதோ பெரும்பாலும் இரண்டாவது பிரிவில்தான். ட்விஸ்ட் அணையாத செல்கள் போய்ச் சேர்ந்தும் பெருக முடியவில்லை. அதே ஆண்டில் அதே இதழில், ஸ்பெயினின் ஆஞ்செலா நியெட்டோவின் குழு பிஆர்ஆர்எக்ஸ்1 என்ற வேறொரு மரபணுவை வைத்து இதே முடிவுக்கு வந்தது. அது இயங்கும்வரை செல் ஊடுருவும், ஆனால் புதிய உறுப்பில் குடியேற வேண்டுமானால் அது அடங்க வேண்டும்.

டிஜிஎஃப்-பீட்டா தட்டில் இந்தச் சோதனையைச் செய்திருக்கவே முடியாது. புறப்படும் நிலையும் திரும்பும் நிலையும் ஒரே செல்லில் அடுத்தடுத்து வேண்டும், நேரத்தைத் தீர்மானிக்கும் கை ஆய்வாளருடையதாக இருக்க வேண்டும். சுவிட்ச் அதைத்தான் தருகிறது.

இதன் பலவீனமும் வெளிப்படையானது. சுவிட்ச் போட்டால் ட்விஸ்ட் இயற்கையில் இல்லாத அளவுக்குப் பொங்கும். செல் முழு மீசன்கைம் நிலைக்குத் தள்ளப்படும். உண்மையான கட்டிகளில் பல செல்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. 2018-இல் பெல்ஜியத்தில் செட்ரிக் பிளான்பான் குழு எலிக் கட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது, முழு எபிதீலியத்துக்கும் முழு மீசன்கைமுக்கும் நடுவில் பல நிலைகளில் செல்கள் இருந்தன. பரவும் திறன் கூடுதலாக இருந்தது நடுநிலைகளில்தான். இந்த நடுநிலை ஏன் நிலைத்து நிற்கிறது என்பதைக் கணித மாதிரிகளால் விளக்குவதில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மோஹித் குமார் ஜாலியின் பங்கு பெரியது. ஆகவே சுவிட்ச் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் செல்லின் நிலையைப் பார்க்க வேண்டும். உச்ச அளவை மட்டும் போட்டு எடுத்த முடிவை நான் நம்புவதில்லை.

டாக்ஸிசைக்ளினும் அப்பாவிப் பொருள் அல்ல. அது பாக்டீரியாவின் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்து, மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியையும் ஓரளவு தடுக்கும். அதனால் ட்விஸ்ட் இல்லாத வெற்று சுவிட்ச் கொண்ட செல்களுக்கும் அதே அளவு மருந்து கொடுத்து ஒப்பிட வேண்டும். மருந்து கொடுத்த செல்லையும் கொடுக்காத செல்லையும் மட்டும் ஒப்பிட்டால், நீங்கள் காண்பது ட்விஸ்ட்டின் விளைவா மருந்தின் விளைவா என்று பிரிக்க முடியாது. வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் கன்றின் சீரத்தில் டெட்ராசைக்ளின் எச்சம் இருந்தால் சுவிட்ச் தானாகவே கசியும், அந்த எச்சம் இல்லாத சீரம் வாங்க வேண்டும். ட்விஸ்ட்டுக்குப் பதில் ஸ்னெய்லை எடுத்தால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அது அரை மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும் புரதம். அதன் ஆர்என்ஏ ஏராளமாக இருக்கும்போதே வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை தெரியாமல் போகலாம். சிதைவைத் தடுக்கும் எம்ஜி-132 மருந்தைச் சில மணி நேரம் கொடுத்தபின் பட்டை வந்தால், சுவிட்ச் வேலை செய்கிறது என்று பொருள்.

மூன்றாவது வழி மிக அழகானது, மிகக் கடினமானதும் கூட. நாம் எதையும் தூண்டுவதில்லை. கட்டி தானாக வளரட்டும், மாற்றம் நடந்தால் செல் நிறம் மாறட்டும், பிறகு நுரையீரலில் எந்த நிறம் இருக்கிறது என்று எண்ணுவோம். செல் திரும்ப எபிதீலியமாக மாறினாலும் நிறம் மாறாது, ஏனென்றால் டிஎன்ஏவிலேயே வெட்டி ஒட்டிய மாற்றம் அது. கடந்தகாலத்தை இப்படிப் பதிவு செய்ய வேறு வழி இல்லை.

2015-இல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வு இப்படித்தான் செய்தது. மார்பகக் கட்டி தானாக வரும் எலிகள். செல்கள் முதலில் சிவப்பு. எஃப்எஸ்பி1 என்ற மீசன்கைம் மரபணு ஒருமுறை இயங்கினாலும் பச்சையாகிவிடும். நுரையீரலில் இருந்த கட்டிகள் பெரும்பாலும் சிவப்பாகவே இருந்தன. பரவலுக்கு இஎம்டி தேவையில்லை என்று அந்தக் குழு முடிவு சொன்னது. ஆனால் சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்தபோது தப்பிப் பிழைத்ததில் பச்சை செல்களின் பங்கு கூடியது. அதே இதழில், டெக்சஸிலிருந்து ரகு கல்லூரி என்ற ஆய்வாளரின் குழு, கணையப் புற்று எலிகளில் ஸ்னெய்லையோ ட்விஸ்ட்டையோ நீக்கியும் பரவல் குறையவில்லை, ஜெம்சைட்டபின் என்ற புற்றுநோய் மருந்துக்கு மட்டும் கட்டி கூடுதலாகப் பணிந்தது என்று வெளியிட்டது.

இந்த இரண்டு ஆய்வுகளும் துறையைக் குலுக்கின. எதிர்ப்பும் விரைவில் வந்தது. எஃப்எஸ்பி1 எல்லா இஎம்டி செல்லிலும் இயங்குவதில்லை. நடுநிலையில் நின்றுவிட்ட செல் பிரிந்து போய்த் திரும்பியும் வரலாம், நிறம் மாறாமலே. அப்படியானால் சிவப்புக் கட்டி என்பது இஎம்டி நடக்கவில்லை என்பதற்கான சான்று ஆகாது, எஃப்எஸ்பி1 இயங்கவில்லை என்பதற்கான சான்று மட்டுமே. கணைய ஆய்வுக்கும் பதில் வந்தது. 2017-இல் ஜெர்மனியின் தாமஸ் பிராப்லெட்ஸ் குழு அதே வகை எலிகளில் ஸெப்1-ஐ நீக்கியபோது பரவல் தெளிவாகக் குறைந்தது. ஸ்னெய்ல் இல்லாவிட்டால் ஸெப்1 வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 2020-இல் ஷாங்காயின் பின் சோ குழு நிறம் மாற்றும் பொறுப்பை வேறு மரபணுக்களிடம் கொடுத்தது. விமென்டினை வைத்துப் பார்த்தபோது நுரையீரல் கட்டிகள் பெரும்பாலும் நிறம் மாறாதவை. என்-கேட்ஹெரினை வைத்துப் பார்த்தபோது படம் மாறியது. ஒருகாலத்தில் என்-கேட்ஹெரினை இயக்கிய செல்கள்தான் அங்கே குடியேறியிருந்தன. ஒரே நோய், ஒரே கேள்வி, எந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழானது.

ஆகவே மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறவர், தன் முடிவு முழுவதையும் ஒரு மரபணுவின் தோளில் ஏற்றிவைக்கிறார். அதன் சுமைதாங்கும் திறனை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். நிறம் மாறாத செல்களைக் கட்டியிலிருந்து பிரித்தெடுத்து, அவற்றில் இ-கேட்ஹெரின் குறைந்த செல் எத்தனை என்று பார்க்க வேண்டும். கணிசமாக இருந்தால் உங்கள் குறி கசிகிறது. எலிகளை இனக்கலப்பு செய்து, மூன்று நான்கு மாற்றங்கள் ஒரே எலியில் சேரும்வரை காத்திருப்பதிலேயே ஓராண்டுக்கு மேல் போய்விடும். தனியாக ஒரு மாணவர் தொடங்கக்கூடிய வேலை அல்ல இது. ஏற்கெனவே அந்த எலிகளை வைத்திருக்கும் ஆய்வகத்தில் சேர்ந்தால் மட்டும் எடுங்கள்.

இஎம்டி நடந்தால் பரவும், நடக்காவிட்டால் பரவாது என்ற எளிய கணக்கை மூன்று வழியுமே உடைத்திருக்கின்றன. அதைக் கடுமையாக உடைத்தது 2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆண்ட்ரூ எவால்டின் குழு. மார்பகக் கட்டி செல்களிலிருந்து இ-கேட்ஹெரினையே முழுவதுமாக நீக்கிப் பார்த்தார்கள். செல்கள் அதிகமாக ஊடுருவின, அதுவரை எதிர்பார்த்தபடிதான். ஆனால் பயணத்தில் செத்து விழுந்தன, புதிய கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. பிணைப்பை இழந்த செல்லில் வினைதிறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளின் நச்சு அழுத்தம் கூடி, அது தன்னைத்தானே அழித்துக்கொண்டது. பிரிய உதவுவதும் பிழைக்க உதவுவதும் வேறு வேறு.

என் பரிந்துரை சுவிட்ச். அதுவும் 4டி1 குடும்பத்து செல்களில்.

காரணம் சொல்கிறேன். பால்ப்/சி இன எலியின் ஒரே மார்பகக் கட்டியிலிருந்து பிரித்தெடுத்த உறவுக்கார செல்வகைகள் இவை. 67என்ஆர் என்ற வகை மார்பகத்தில் கட்டியாக வளரும், வேறெங்கும் போகாது. 4டி1 நுரையீரலில் கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை உண்டாக்கும். வடிவத்தைப் பார்த்தால் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கும். எங்கும் போகாத 67என்ஆர் இ-கேட்ஹெரின் இல்லாமல் நீண்டு மீசன்கைம் தோற்றத்தில் இருக்கிறது. பரவும் 4டி1 இ-கேட்ஹெரினை வைத்துக்கொண்டு எபிதீலியமாக நிற்கிறது, கூடவே ட்விஸ்ட்டையும் இயக்குகிறது. பிணைப்பை இழந்தால் மட்டும் போதாது என்பதை இந்த இரண்டு தட்டுகளையும் அருகருகே நுண்ணோக்கியில் வைத்தாலே பார்க்கலாம். திரும்பும் திறன்தான் வித்தியாசமா என்று கேட்க இதைவிட வசதியான ஜோடி கிடைப்பது அரிது. 67என்ஆரில் இ-கேட்ஹெரின் சுவிட்ச், 4டி1-இல் ட்விஸ்ட் சுவிட்ச் என இரு திசையிலிருந்தும் கேள்வியை அணுகலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. 4டி1 செல்கள் 6-தயோகுவானின் என்ற மருந்துக்குச் சாவதில்லை, எலியின் சொந்த செல்கள் செத்துவிடும். எலியின் நுரையீரலை எடுத்துத் துண்டாக்கி, என்சைமால் கரைத்து, அந்த மருந்து கலந்த ஊடகத்தில் பரப்பி ஏறக்குறைய இரண்டு வாரம் வைத்தால், தட்டில் முளைப்பவை கட்டி செல்களின் திட்டுகள் மட்டுமே. மெத்திலீன் நீலமிட்டு எண்ணிவிடலாம். விலையுயர்ந்த படக்கருவி இல்லாத ஆய்வகத்துக்கும் இது எட்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் தனி செல்லும் இந்தத் தட்டில் முளைத்துவிடும் என்பது இதன் பலம். கண்ணால் எண்ணும் கட்டிகளையும் இந்தத் திட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், செல் வந்து சேரவில்லையா, சேர்ந்தும் பெருகவில்லையா என்று பிரித்துச் சொல்லலாம். ட்விஸ்ட் அணையாத குழுவில் கட்டிகள் குறைந்து திட்டுகள் குறையாவிட்டால், செல்கள் வந்திருக்கின்றன, வளரத்தான் இல்லை.

செல்களை எலியின் வால் சிரையில் செலுத்த வேண்டாம். அது வேகமானது, பலரும் செய்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் பிரிந்து ரத்தத்துக்குள் நுழையும் கட்டத்தையே நாம் தாண்டிவிடுகிறோம். எதை அறிய வந்தோமோ அதையே கைவிட்டதாகிவிடும். மார்பகக் கொழுப்புத் திசுவில் செலுத்துங்கள், அங்கிருந்து செல்கள் தாமாகப் புறப்படட்டும். வால் சிரை வழியை, குடியேறும் கட்டத்தைத் தனியாகப் பார்க்க இரண்டாவது சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

முழு நோயெதிர்ப்பு சக்தியுள்ள எலியில் வேலை செய்வதால் ஓர் எச்சரிக்கை உண்டு. பச்சை ஒளிரும் புரதமும் சுவிட்ச் புரதமும் எலிக்கு அந்நியமானவை. எலியின் உடல் அவற்றைக் கண்டுகொண்டு அந்த செல்களை அழிக்கலாம். பரவல் குறைந்தது ட்விஸ்ட்டால் என்று எழுதிவிட்டு, பிறகு அது நோயெதிர்ப்பால் என்று தெரியவந்தால் ஆய்வே வீணாகும். வெற்று சுவிட்ச் செல்களும் மாற்றமே செய்யாத 4டி1 செல்களும் ஒரே அளவு பரவுகின்றனவா என்று முதலில் பாருங்கள். வெற்று சுவிட்ச் குழு குறைவாகப் பரவினால், நோயெதிர்ப்பு குறைந்த எலிகளில் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாகக் கட்டியின் அளவு. ட்விஸ்ட் இயங்கும் செல்கள் மெதுவாகப் பெருகலாம், அப்போது மூலக் கட்டி சிறிதாக இருக்கும், சிறிய கட்டி குறைவான செல்களையே வெளியேற்றும். எல்லா எலிகளையும் ஒரே நாளில் பரிசோதித்தால் இந்த வேறுபாடு பரவலின் வேறுபாடாக வேடம் போடும். ஒவ்வொரு எலியிலும் கட்டி ஒரே அளவை எட்டும்போது அறுவைசெய்து அதை அகற்றிவிட்டு, அந்த நாளிலிருந்து கணக்கிட்டு நுரையீரலைப் பார்க்க வேண்டும். சுவிட்சை அணைப்பதாக இருந்தாலும் அந்த அறுவையின் நாளிலேயே டாக்ஸிசைக்ளினை நிறுத்துங்கள். அப்போதுதான் அணைப்பதற்கு முன் புறப்பட்ட செல்களுக்கு என்ன ஆனது என்று கலப்பில்லாமல் தெரியும்.